பக்கத்து வீட்டுச் சுவர் நம் மனைக்குள் வந்திருந்தால்: கொங்குப் பகுதியில் மனை வாங்கி வருபவர்களுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் புறநகர்களில் மனை வாங்குபவர்களில் பெரும்பாலோர் அதை உடனே கட்டுவதில்லை. நான்கைந்து ஆண்டுகள் கழித்து வீடு கட்டத் தொடங்கி, பொறியாளர் நாடாவை எடுத்து அளக்கும்போதுதான் நாற்பது அடி மனை முப்பத்தொன்பது சொச்சம் என்று தெரியவருகிறது. அதற்குள் பக்கத்து மனைக்காரர் வீடும் கட்டி, காம்பவுண்டுச் சுவரும் எழுப்பி, அதையொட்டித் தென்னையும் வைத்திருப்பார். இனி முப்பது ஆண்டுகள் அவர் பக்கத்தில்தான் குடியிருக்கப் போகிறோம் என்னும்போது, இந்தப் பேச்சை எப்படி எடுப்பது என்று தெரியாமல் பலர் தவிக்கிறார்கள். சிலர் வாயே திறக்காமல் மனதுக்குள் புழுங்குகிறார்கள். வேறு சிலர் எடுத்த எடுப்பிலேயே உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் நிற்கிறார்கள். பெருந்துறைப் பக்கம் நாங்கள் வாங்கிய மனையில் இதே சிக்கல் வந்தது. அதைத் தீர்த்துக்கொண்ட முறையை, இடையில் நாங்கள் செய்யவிருந்த தவறுகளையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

சுவர் ஏற்கெனவே எழுந்து நிற்கும் நிலையைப் பற்றியே இதில் பேசப் போகிறேன். பக்கத்தில் இப்போதுதான் சுண்ணாம்புக் கோடு போட்டு வானம் பறிக்கிறார்கள் என்றால், கீழே சொல்லியிருக்கும் பொறுமை எதுவும் பொருந்தாது. அன்றைக்கே போய், "கல்லைப் பார்த்துக்கொண்டு கடைக்கால் போடுவோமே" என்று சொல்லிவிட வேண்டும். கோடாக இருக்கும்வரை அதைத் தள்ளிப் போட ஒரு செலவும் இல்லை. கடைக்கால் ஏறிய மறுநாளிலிருந்து அவருக்கு அது பணம், மானம் இரண்டும் சேர்ந்த விஷயமாகிவிடும்.

முதலில் உங்கள் கையில் இருக்கும் காகிதம்

யாரிடமும் ஒரு சொல் பேசும் முன் நான்கு தாள்களை எடுத்து மேசையில் வையுங்கள்: உங்கள் கிரையப் பத்திரம், மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பட்டா, புலப்படம். பத்திரத்தின் சொத்து விவரத்தில் நான்கு பக்க எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியும், "கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 60 அடி" என்பது போன்ற அளவுகளும் இருக்கும். இருபுறமும் ஒரே அளவா, வடபுறம் ஒன்றும் தென்புறம் வேறொன்றுமாக இருக்கிறதா என்பதை நிதானமாகப் படியுங்கள். சாலை வளைந்து போகும் மனைப்பிரிவுகளில் இரண்டு பக்கமும் வேறுபடுவது இயல்பு. அதைக் கவனிக்காமல் பக்கத்து வீட்டுக்காரர்மேல் பழி போட்டுவிட்டால், பிறகு அந்தச் சொல்லைத் திரும்பப் பெற முடியாது.

புலப்படத்தையும் பட்டாவையும் eservices.tn.gov.in தளத்தில் எடுக்கலாம். ஆனால் புதிதாக வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புலப்படம் சர்வே எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் உரியது; உங்கள் மனை எண்ணுக்கு உரியதன்று. மனை வாரியாக உட்பிரிவு ஆகாமல் எல்லாரும் கூட்டுப் பட்டாவில் இருந்தால், அந்தப் படத்தில் பழைய விவசாயக் காட்டின் எல்லைகள் மட்டுமே தெரியும். உங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையிலான கோடு அதில் இராது. அப்படியானால் நீங்கள் நம்ப வேண்டியது மனைப்பிரிவு வரைபடத்தையும் பத்திரத்தையும்தான். வரைபடம் மீட்டரிலும் பத்திரம் அடியிலும் இருக்கும். 40 அடி என்பது 12.19 மீட்டர்.

பக்கத்து மனை யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள். இந்தப் பக்கத்தில் மனை மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ இருப்பது மிகச் சாதாரணம். பேசுவது கணவரிடமாக இருக்கலாம். ஆனால் எழுத்தில் ஏதாவது வாங்க வேண்டிய இடத்தில் உரிமையாளரின் கையெழுத்து இல்லாவிட்டால் அது வெறும் தாள்தான்.

இரண்டாவது, வரிசை முழுவதையும் அளப்பது

எங்கள் கதையில் திருப்பம் இந்த இடத்தில்தான் நேர்ந்தது. அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எங்கள் மனை எண் 3. வடக்கே சாலை. கிழக்கு மூலையில் 1ஆம் மனை, அடுத்து 2, பிறகு நாங்கள், எங்களுக்கு மேற்கே 4ஆம் மனை காலியாகக் கிடந்தது. எல்லாம் 40க்கு 60. பொறியாளர் அளந்துவிட்டு, முன்புறம் 39 அடி 4 அங்குலம், பின்புறம் 38 அடி 9 அங்குலம் என்றார். முன்னால் 8 அங்குலம் குறைவு, பின்னால் 15 அங்குலம் குறைவு. சராசரி பதினொன்றரை அங்குலம். அதை 60 அடி நீளத்தால் பெருக்கினால் 57.5 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால், இது 0.13 சென்ட். சென்ட் எட்டு லட்சம் என்று விலை வைத்தால் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் வரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று இரவு, 2ஆம் மனைக்காரர் எங்களை ஏமாற்றிவிட்டார் என்றுதான் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டோம். மறுநாள் காலையில் போய்க் கேட்டுவிடுவது என்றும் முடிவாகியிருந்தது.

நல்ல வேளையாக எங்கள் மாமனார், "அவங்க மனையும் அளந்து பாத்தீங்களா? மூலையில இருந்து வந்தாத்தான கணக்குத் தெரியும்" என்று கேட்டார். காட்டுப் பொழியை அளந்து பழகியவர். வேலி எங்கே நிற்கிறது என்பதைவிட, அளவு எங்கிருந்து பிடிக்கப்பட்டது என்பதுதான் அவருக்கு முதல் கேள்வி. சாலைப் பக்கம் நடைபாதையிலேயே நின்று, மூலைக் கல்லிலிருந்து மேற்கு நோக்கி முழு வரிசையையும் அளந்தோம். இந்த மனைப்பிரிவில் ஒவ்வொருவரும் தம் மேற்குப் பக்கச் சுவரைத் தம் இடத்துக்குள் கட்டிக்கொள்வது வழக்கம் என்பதால், எல்லா அளவையும் சுவரின் மேற்கு முகம் வரை பிடித்தோம். மூலை வீட்டுச் சுவர் 40 அடியில் முடிந்திருக்க வேண்டும். 40 அடி 8 அங்குலத்தில் இருந்தது. 2ஆம் மனையின் சுவர் 80 அடியில் இருக்க வேண்டும்; 80 அடி 8 அங்குலத்தில் இருந்தது. எங்களுக்கும் 4ஆம் மனைக்கும் நடுவிலுள்ள கல் சரியாக 120 அடியில் நின்றது.

அதாவது 2ஆம் மனைக்காரரிடம் முன்புறம் சரியாக 40 அடிதான் இருக்கிறது. அவர் கட்டும்போது கல்லைத் தேடவில்லை. ஏற்கெனவே நின்றிருந்த மூலை வீட்டுச் சுவரிலிருந்து 40 அடி பிடித்துக் கட்டிவிட்டார். எட்டு அங்குலத் தவறு மூலை வீட்டில் பிறந்து, அவர் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பின்புறத்தை அவர் வீட்டில் பேசிய பிறகுதான் அளக்க முடிந்தது. அங்கே மூலை வீட்டுச் சுவர் 40 அடி 9 அங்குலத்திலும், அவர் சுவர் 81 அடி 3 அங்குலத்திலும் இருந்தன. அவரிடம் பின்புறம் அரை அடி கூடுதல். அது கொத்தனார் கயிறு சாய்த்துக் கட்டியதன் விளைவு. எங்களுக்குக் குறைந்த 57.5 சதுர அடியில் அவரிடம் இருந்தது 15 சதுர அடி மட்டுமே, மீதி 42.5 மூலை வீட்டிலிருந்து தள்ளப்பட்டது.

ஒரே ஒரு சுவரை மட்டும் அளந்துவிட்டுப் பேசப் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். மனைப்பிரிவுகளில் பிழை பெரும்பாலும் இப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நகர்ந்து வரும். வரிசையில் கடைசியாகக் கட்டுபவர் தலையில் அது விழும். கடைசியாகக் கட்டுபவர் பெரும்பாலும் வெளியூரிலிருந்து புதிதாக வருபவராகவே இருக்கிறார்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. எஃகு நாடாவைப் பயன்படுத்துங்கள்; துணி நாடா பழசானால் இழுபட்டு நீளும், நீண்ட தூரத்தில் தொய்யும். தரை சரிவாக இருந்தால் நாடாவைத் தரையோடு படுக்க வைக்காமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும். கடைசியாக மூலைவிட்டத்தையும் அளந்து பாருங்கள்: 40க்கு 60 மனையில் அது 72 அடி ஒன்றேகால் அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லாவிட்டால் மனை கோணியிருக்கிறது என்று பொருள். கல் கண்ணில் படவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சாலை மட்டம் உயர்ந்து, மண் கொட்டி நிரவியதில் அது ஒன்றரை அடி ஆழத்தில் புதைந்திருக்கும். கடப்பாரையால் மெல்லக் குத்திப் பார்த்தால் தட்டுப்படும். ஒன்றிரண்டு அங்குலம் குறைவு என்றால், என் கருத்தில், அதைப் பேச்சாக்கவே வேண்டாம். பூச்சுக் கனமும் நாடா பிடித்த கையும் சேர்ந்தால் அவ்வளவு வேறுபாடு வரத்தான் செய்யும்.

மூன்றாவது, வாசலில் பேசுவது

இங்கே புதிதாகக் குடிவருபவர்கள், குறிப்பாகப் பெருநகரத்து அடுக்ககங்களில் இருந்து வருபவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தோ, தெருவில் வண்டியை நிறுத்திவிட்டோ, வாட்ஸாப்பில் படம் அனுப்பியோ இந்தப் பேச்சைத் தொடங்கக் கூடாது. வீட்டுக்குப் போக வேண்டும். "வாங்க, உக்காருங்க" என்றால் உட்கார வேண்டும். தண்ணீர் கொடுத்தால் குடிக்க வேண்டும். தண்ணீரைத் தொடாமல் விஷயத்தை எடுத்தால் சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதலில் அவர்களிடம் நலம் விசாரியுங்கள். முடிவெடுப்பதில் அவர்கள் சொல்லுக்கு நீங்கள் நினைப்பதைவிட எடை அதிகம். கணவனும் மனைவியுமாக இருவர் போதும். மைத்துனரையும் வக்கீல் நண்பரையும் உடன் அழைத்துப் போனால், அவர்களும் மறுநாள் நான்கு பேரைக் கூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு பேசுவது நீங்கள் இருவராக இராது.

"ஆக்கிரமிப்பு" என்ற சொல்லை அந்த வீட்டில் உச்சரிக்கவே வேண்டாம். "உங்க சுவரு எங்க இடத்துல இருக்குது" என்பதும் அதே அளவு கெடுதல் செய்யும். உங்களுக்கு விடை தெரிந்திருந்தாலும் கேள்வியாகவே தொடங்குங்கள். எங்கள் பேச்சு ஏறக்குறைய இப்படிப் போனது:

"ஏனுங்கண்ணா, வீட்டு வேலை ஆரம்பிக்கலாம்னு இருக்கறமுங்க. இன்ஜினியர் அளந்தாரு, எங்களுக்கு அளவு கொஞ்சம் இடிக்குது. நீங்க கட்டும்போது கல்லு எங்க இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

"கல்லெல்லாம் அப்பவே இல்லீங்க. மூலை வீட்டுச் செவுத்துல இருந்து நாப்பதடி புடிச்சுத்தானுங்க கட்டுனது. ஏன், எவ்வளவு கொறையுது?"

"முன்னால எட்டு அங்குலமுங்க. உங்ககிட்ட நாப்பதடி சரியாத்தான் இருக்குது, அதையும் பாத்துட்டுத்தான் வந்தமுங்க. மூலையில இருந்தே நகந்து வந்திருக்குதாட்ட இருக்குது. நீங்களும் ஒருக்கா வந்து நாடாவப் புடிச்சுப் பாத்துட்டீங்கன்னா நல்லா இருக்கும்."

"உங்ககிட்ட நாப்பதடி சரியாத்தான் இருக்குது" என்ற அந்த ஒரு வாக்கியம்தான் அவர் முகத்தை மாற்றியது. குற்றம் சாட்ட வரவில்லை என்பது அதில் அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார். அளவை அவர் கையாலேயே எடுக்க வைப்பது முக்கியம். நாம் எழுதிக்கொண்டு போய்க் காட்டும் எண்ணை யாரும் எளிதில் நம்புவதில்லை. வெளியூரிலிருந்து வந்தவர்கள் இந்தப் பக்கத்துப் பேச்சு வழக்கைப் போலச் செய்து காட்ட வேண்டியதில்லை. "ஐயா", "அண்ணா", "அக்கா" என்று வயதுக்குத் தக்கபடி அழைத்து, நீங்கள் பேசும் தமிழிலேயே மரியாதையாகப் பேசினால் போதும்.

முதல் நாளே தீர்வு கேட்காதீர்கள். என்ன செய்யலாம் என்று அவர் கேட்டால்கூட, "அளந்து பார்த்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம்" என்று நிறுத்திவிடுங்கள். அன்று இரவு அவர் வீட்டிலும் ஒரு பேச்சு நடக்க வேண்டும். அதற்கு இடம் கொடுங்கள். அவர் வீட்டில் கல்யாணம், சீர், இழவு என்று ஏதாவது நடந்துகொண்டிருந்தால் ஒரு மாதம் தள்ளிப் போடுவதால் நமக்கு எந்த நட்டமும் இல்லை.

நான்காவது, இருவரும் ஏற்கும் அளவை

நாடாவைப் பிடித்த பிறகும் அவருக்கு ஐயம் இருந்தால், அது நியாயமானது. அப்போது இரண்டு வழிகள் இருக்கின்றன. உரிமம் பெற்ற தனியார் நில அளவரை இருவரும் சேர்ந்து அழைத்து, கூலியைப் பாதிப் பாதியாகக் கொடுப்பது ஒன்று. கூட்டுப் பட்டாவில் இருக்கும் மனைகளுக்கு இதுவே நடைமுறைக்கு ஏற்றது. கருவியால் அளந்து வரைபடம் தருவார். இருவரும் பணம் கொடுத்திருப்பதால், "அவங்க ஆளு" என்ற பேச்சும் வராது.

மற்றொரு வழி அரசு நில அளவர். உங்கள் மனை தனி உட்பிரிவாக இருந்தால், tamilnilam.tn.gov.in/citizen தளத்தில் கட்டணம் செலுத்தி, நிலத்தை அளந்து அத்துக் காட்டும்படி விண்ணப்பிக்கலாம். அளக்கும் நாளைப் பற்றி அண்டை நிலத்துக்காரர்களுக்கு அறிவிப்பு அனுப்புவது முறை. நல்லெண்ணத்தோடு பேசிக்கொண்டிருந்த பல வீடுகள் இந்த அறிவிப்பில்தான் முறுக்கிக்கொள்கின்றன. அரசு முத்திரையோடு ஒரு தாள் முன்னறிவிப்பின்றி வந்தால், தம்மீது வழக்குப் போட்டுவிட்டார்கள் என்றே அவர் நினைப்பார். ஆகவே விண்ணப்பிக்கும் முன் நேரில் போய், "ஆன்லைன்ல போட்டு விடறமுங்க, உங்களுக்கும் ஒரு நோட்டீஸ் வருமுங்க, அளக்கறதுக்கு நீங்களும் இருக்கோணும்" என்று சொல்லிவிடுங்கள்.

நில அளவர் எல்லைக் கோட்டைக் காட்டுவார். உரிமை யாருடையது என்று தீர்ப்பளிக்க மாட்டார், சுவரை அகற்றச் சொல்லும் வேலையும் அவருடையதன்று. அது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. காவல் நிலையத்துக்கும் இதே எல்லைதான் பொருந்தும். அளவரின் அறிக்கை கைக்கு வந்ததும் கடப்பாரையை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதைச் செய்தால், அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அன்றோடு போய்விடும்.

ஐந்தாவது, என்ன கேட்பது

அளவு உறுதியான பிறகு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்: சுவரை நகர்த்துவது, அந்தத் துண்டை விலைக்குக் கொடுப்பது, சுவரை இருக்கும் இடத்திலேயே விட்டு எழுத்தில் ஒப்புதல் வாங்குவது. நகர்த்துவது, சுவரின் வயது குறைவாகவும் வந்திருக்கும் அளவு ஓரடிக்கு மேலாகவும் இருந்தால் கேட்கத் தக்கது. செலவில் நீங்களும் பங்கு எடுத்துக்கொண்டால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைக்காலைத் தோண்ட வேண்டாம். துண்டை விற்பது என்றால் கட்டாயம் பதிவு செய்த பத்திரம் வேண்டும். "அந்த இடத்துக்கு இவ்வளவு வாங்கிக்கொண்டேன்" என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுப்பதால் நிலம் கைமாறாது. சில சதுர அடிக்கு முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், உட்பிரிவு, உங்கள் மனைக்கடன் வங்கியின் ஒப்புதல் என்று அலைந்தால், நிலத்தின் விலையை அலைச்சல் தின்றுவிடும்.

நாங்கள் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தோம். எங்கள் நிலையில் அதுதான் பொருத்தம் என்று இப்போதும் நினைக்கிறேன். சுவரை எட்டு அங்குலம் நகர்த்தச் சொன்னால், அவர் மனை 39 அடி 4 அங்குலமாகும். அந்தக் குறையை அவர் மூலை வீட்டில் போய்க் கேட்க வேண்டும். மூலை வீட்டுச் சுவர் பதினைந்து ஆண்டுப் பழசு. அங்கே ஒரு மூதாட்டி தனியாக இருக்கிறார். ஒரு சுவருக்காக மூன்று வீடுகள் முகம் திருப்பிக்கொள்ளும். எங்கள் வீட்டு வரைபடத்திலும் பக்கவெளியைச் சுவரிலிருந்தே கணக்கிட்டுத் தரும்படி பொறியாளரிடம் சொன்னோம். ஓர் அறையின் அகலத்தை ஓரடி குறைத்ததில் அது முடிந்தது.

ஆனால் "சரி, இருக்கட்டும்" என்று வாய்ச்சொல்லோடு விட்டுவிடக் கூடாது. இதற்குக் காரணம் 12 ஆண்டுக் கணக்கு. 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 65ஆம் உறுப்பின்படி, நம் நிலத்தை ஒருவர் நமக்கு எதிராகத் தம்முடையது என்று வெளிப்படையாக அனுபவித்து 12 ஆண்டுகள் கடந்துவிட்டால், அதை மீட்க வழக்குப் போடும் காலம் முடிந்துவிடும். எதிரிடை அனுபவம் என்பது இதுதான். நீங்கள் மனை வாங்கிய நாளிலிருந்து இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்குவதில்லை என்பதைப் புதிதாக வருபவர்கள் கவனிக்க வேண்டும். உங்களுக்கு விற்றவர் காலத்தில் ஓடிய ஆண்டுகளும் சேரும். எங்கள் விஷயத்தில் 2ஆம் மனைச் சுவருக்கு ஒன்பது வயது. மிக மோசமாகக் கணக்கிட்டால் எங்களுக்கு மூன்று ஆண்டுகளே மிச்சம் இருந்தன. ஆனால் நிலம் உங்களுடையது, உங்கள் சம்மதத்தின் பேரில் சுவர் இருக்கிறது என்று அவர் அந்தக் காலத்துக்குள் எழுதிக் கொடுத்துவிட்டால், அது எதிரிடை அனுபவம் ஆகாது. சுவரும் இருக்கும், நிலமும் உங்களுடையதாகவே இருக்கும்.

தாளில் என்ன எழுதுவது என்பதற்கு, நாங்கள் எழுதியதன் சாரத்தைத் தருகிறேன்:

"மனை எண் 2க்கும் மனை எண் 3க்கும் இடையில் உள்ள காம்பவுண்டுச் சுவர், இணைப்பு வரைபடத்தில் கண்டபடி, மனை எண் 3க்குள் வடபுறம் 8 அங்குலமும் தென்புறம் 15 அங்குலமும் உள்தள்ளி அமைந்துள்ளது என்பதை இருவரும் சேர்ந்து அளந்து ஒப்புக்கொள்கிறோம். அவ்விடம் மனை எண் 3இன் உரிமையாளருக்கே சொந்தமானது. தற்போதுள்ள சுவர் மட்டும் அவருடைய அனுமதியின் பேரில் அங்கே இருந்துவருகிறது. இச்சுவரை இடித்தோ, அது பழுதடைந்தோ புதிதாகக் கட்ட நேர்ந்தால், வரைபடத்தில் உள்ள எல்லைக் கோட்டிலேயே கட்டப்படும். இச்சுவரின் மேல் வேறு கட்டுமானம் எதுவும் எழுப்பப்படாது."

"தற்போதுள்ள சுவர் மட்டும்" என்ற சொற்களையும் கடைசி வாக்கியத்தையும் விட்டுவிட வேண்டாம். 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, நாம் கொடுத்த அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பிவிட்டால், அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்கிறது. பொதுவாக "இந்த இடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று எழுதிக் கொடுத்து, அவர் அதன்மேல் ஒரு குளியலறையைக் கட்டிவிட்டால், நட்புக்காக எழுதிய தாளே உங்களுக்கு எதிராகத் திரும்பும். இரு மனைகளின் பத்திர உரிமையாளர்கள் அனைவரும் கையெழுத்திட வேண்டும், சாட்சி இருவர், இரண்டு அசல்கள், ஒவ்வொன்றையும் அவரவர் பத்திரக் கட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மதிப்பு முத்திரைத்தாள் என்பதை ஆவண எழுத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதியதை ஒரு வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கையெழுத்துக் கேட்கும்போது ஒரு தயக்கம் வரத்தான் செய்யும். பக்கத்து வீட்டு அக்கா, "எதுக்குங்க எழுத்தெல்லாம், நம்மகிட்ட நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்டார்; மனை அவர் பெயரில்தான் இருந்தது. "நமக்குள்ள எதுக்குங்க்கா எழுத்து. நாளைக்கு எம்பையனும் உங்க பையனும் இதே செவுத்துக்கு முன்னால நின்னா, அப்ப சொல்றதுக்கு நாம இருக்க மாட்டமுங்களே" என்று என் மனைவி சொன்ன பதில், அங்கே அந்த நேரத்துக்குப் பொருத்தமாக அமைந்தது. தவிர, அந்தத் தாள் அவருக்கும் பயன்படுவதுதான்: சுவர் எங்கள் அனுமதியோடுதான் நிற்கிறது என்பது எழுத்தில் அவர் கையிலும் இருக்கிறது.

பேச்சு நின்றுபோனால்

சில இடங்களில் இது எடுபடாது. அளக்கவே வர மாட்டேன் என்பார்கள், அல்லது "முடிஞ்சதப் பாத்துக்குங்க" என்பார்கள். அப்போதும் நேராக வழக்குக்குப் போக வேண்டியதில்லை. இருவருக்கும் பொதுவான ஒருவர், அதாவது மனையை விற்ற இடத்தரகரோ, இருவர் வீட்டுக்கும் போய்வரும் ஒரு பெரியவரோ, ஒருமுறை பேசிப் பார்க்கலாம். அதுவும் ஆகாவிட்டால், அளவு விவரத்தோடு பணிவான ஒரு கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்பி, அவர் பெற்றுக்கொண்டதற்கான சான்றை வாங்கி வையுங்கள். கடிதம் மட்டுமே 12 ஆண்டுக் கணக்கை நிறுத்தாது. ஆனால் நீங்கள் வாய்மூடி இருக்கவில்லை என்பதற்கு அது சான்று.

அதற்கடுத்த படி, வட்டச் சட்டப்பணிகள் குழுவிலோ மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வழக்குக்கு முந்தைய மனு கொடுப்பது. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். எதிர்த்தரப்பை அழைத்துப் பேச வைப்பார்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. வழக்கென்றே ஆகிவிட்டால், நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, நில அளவர் துணையோடு இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லலாம். சுவரின் வயது பத்தைத் தாண்டியிருந்து, ஒப்புதலும் கிடைக்கவில்லை என்றால், உறவுக்காகக் காத்திருக்காமல் வழக்கறிஞரைப் பார்த்துவிட வேண்டும்.

கடைசி வேலை கல் நடுவது

ஒப்பந்தம் எழுதிய கையோடு கல்லையும் நட்டுவிடுங்கள். எங்களுக்கும் 2ஆம் மனைக்கும் நடுவில் இருக்க வேண்டிய முன்புறக் கல்லை ஒன்றரை அடி ஆழத்தில், 80ஆவது அடியில், அவர் சுவருக்கு உள்ளேயே கண்டுபிடித்தோம். அவர் கேட்டருகே பூச்செடி வைத்திருந்த மண்ணுக்குக் கீழே கிடந்தது. பின்புறக் கல் கிடைக்கவே இல்லை. ஒன்றரைக்கு ஒன்றரை அடிக் குழி எடுத்து, புதுக்கல்லை நிறுத்தி, சுற்றிலும் கான்கிரீட் போட்டு, தலைப்பாகம் தரைக்கு மேல் நான்கு விரல் தெரியும்படி வைத்தோம். தூக்குக் குண்டு பிடித்தது அவர். நாடாவைப் பிடித்தது நான். 4ஆம் மனைக்காரருக்கும் போன் செய்து, அவரும் வந்து தம் பக்கத்துக் கல்லைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார். கட்டும்போது எங்கள் சுவரிலிருந்து அளக்க வேண்டாம், கல்லிலிருந்து அளந்துகொள்ளுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம்.